மங்கிய படமும் 600 டி.பி.ஐ.யும்



டிரங்குப் பெட்டியில் கிடக்கும் பழைய கலர் படங்களை ஸ்கேன் செய்ய உட்கார்ந்தால் இரண்டு கேள்விகள் வந்து நிற்கும். எத்தனை டி.பி.ஐ. வைப்பது? எந்த ஃபைலாகச் சேமிப்பது? 'இருக்கிறதிலேயே பெரிய எண்ணை வை' என்பார்கள் சிலர். அது சரிதானா என்று ஒரே ஒரு படத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

எங்கள் வீட்டில் 1984-ல் எடுத்த கலர் படம் ஒன்று உண்டு. ஐந்து அங்குல நீளம், மூன்றரை அங்குல அகலம். அப்பா சிறுபையனாக இருக்கும் படம் அது ஒன்றுதான். நெகட்டிவ் கிடையாது. அந்தத் தாள் போனால் எல்லாம் போச்சு.

முதலில் டி.பி.ஐ. ஒரு அங்குலத்தில் ஸ்கேனர் எத்தனை புள்ளிகள் எடுக்கிறது என்பதே அது. 600 வைத்தால் 3000க்கு 2100, அதாவது 63 லட்சம் புள்ளிகள். 1200 வைத்தால் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு: 2 கோடியே 52 லட்சம். ஆனால் ஸ்டுடியோவில் போட்ட சாதாரண கலர் பிரிண்டில் 300 டி.பி.ஐ.யைத் தாண்டி விவரம் அதிகம் இருக்காது. 600 வைத்தால் இருப்பது எதுவும் விடுபடாது; படத்தை இரு மடங்கு பெரிதாக்கி அச்சடிக்கவும் போதும். அதற்கு மேலே போனால் தாளின் சொரசொரப்பும் தூசியும்தான் பெரிசாகத் தெரியும்.

இதை நீங்களே சோதிக்கலாம். முகம் இருக்கும் ஒரு அங்குலப் பகுதியை மட்டும் 300, 600, 1200 என மூன்று முறை ஸ்கேன் செய்யுங்கள். மூன்றையும் திரையில் ஒரே அளவுக்குக் கொண்டு வந்து கண் இமையைப் பாருங்கள். எந்த எண்ணுக்கு மேல் புதுசாக ஒன்றும் தெரியவில்லையோ, அதுவே உங்கள் படத்தின் எல்லை. பாஸ்போர்ட் அளவுப் படத்தை நான்கு மடங்கு பெரிதாக அச்சடிக்க வேண்டுமென்றால் மட்டும் 1200 வைக்கலாம். அப்போதும் புது விவரம் வராது. புள்ளிகள் கட்டம் கட்டமாகத் தெரியாது, அவ்வளவுதான்.

இனி நிறத்துக்கு வருவோம். மங்கிய படத்துக்கு டி.பி.ஐ.யை விட முக்கியமானது இதுதான். அந்தக் காலத்துக் கலர் தாள்கள் பலவற்றில், இருட்டுப் பெட்டியில் வைத்திருந்தாலும் சயான் என்ற நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளிறிவிடும். சிவப்பு ஒளியை உறிஞ்சுவது அந்தச் சாயம்தான். அது குறைந்ததும் படம் முழுக்கச் செம்மை ஏறிவிடுகிறது. எங்கள் படத்தில் சிவப்பின் அளவு 0 முதல் 255 வரை பரவி இருக்க வேண்டியது. கறுத்த தலைமுடியில்கூட 130-க்குக் கீழே இறங்கவில்லை. வெள்ளை வேட்டியில் 235. ஆக, மிஞ்சியது 106 படிகள்தான். அதை 255 வரை இழுத்து நீட்டினால் நடுவில் இடைவெளி விழும். கன்னம், வானம் போன்ற இடங்களில் நிறம் பட்டை பட்டையாகத் தெரியலாம்.

இதற்கு வழி, ஸ்கேனர் மென்பொருளில் 24-bit Color என்பதற்குப் பதில் 48-bit Color வைப்பது. அப்போது ஒவ்வொரு நிறத்துக்கும் 256 அல்ல, 65,536 படிகள். பாதிக்கு மேல் போனாலும் நீட்டுவதற்குத் தாராளமாக மிச்சம் இருக்கும். உங்கள் ஸ்கேனரில் இந்த வசதி இல்லையா? 24-லேயே எடுங்கள், நிறத்தை மட்டும் அளவோடு திருத்துங்கள். தானாக நிறம் சரிசெய்யும் வசதியை அணைத்துவிடுங்கள். அது வெட்டியெறிந்த வெளுப்பும் கறுப்பும் திரும்பி வராது.

ஃபைல் எது? ஜேபெக் ஒரு நிறத்துக்கு 256 படிகளை மட்டுமே வைத்துக்கொள்ளும். அதோடு, திருத்தித் திருத்திச் சேமிக்கும்போது ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் விவரத்தை இழக்கும். ஆகவே மூலப்பிரதி டிஃப்-ஆக இருக்கட்டும். புள்ளிக்கு 6 பைட் வீதம் 63 லட்சம் புள்ளிக்கு ஏறக்குறைய 38 எம்.பி. இதையே 1200-ல் எடுத்திருந்தால் 151 எம்.பி. ஆகியிருக்கும், லாபம் ஒன்றுமில்லாமல்!

டிஃப்-ஐ ஒருபோதும் திருத்தாதீர்கள். அதற்கு ஒரு நகல் எடுத்து, இலவசமாகக் கிடைக்கும் GIMP-ல் Colors, Levels என்று போய் Red-ஐத் தேர்ந்தெடுங்கள். அங்கே ஒரு குவியல் தெரியும். இரு முனை அம்புக்குறிகளையும் அந்தக் குவியலின் இரு அடிவாரத்துக்கு நகர்த்துங்கள். பச்சை, நீலத்துக்கும் இப்படியே. செம்மை இறங்கி முடி கறுப்பாகும், வேட்டி வெளுக்கும். சொந்தக்காரர்களுக்கு அனுப்ப அதிலிருந்து ஒரு ஜேபெக் போட்டால் போதும்.

1984_appa_01.tif என்பதுபோல் ஆண்டோடு பெயர் வைத்து, கணினியில் ஒன்றும் வெளியே பென்டிரைவில் ஒன்றுமாக இரண்டு பிரதி வையுங்கள். ஸ்கேன் ஆயிடுச்சே என்று தாளைத் தூக்கிப் போட்டுடாதீங்க. இதைவிட நல்ல ஸ்கேனர் நாளைக்கு வரும். அதன் கண்ணாடியில் வைக்க அந்தத் தாள் வேண்டும்.