பழைய வேகத்தின் சிறு அலகு, புதிய வேகத்தின் தட்டு

சென்ற ஆண்டு விழாவில் எங்கள் பிள்ளைகளின் வாத்தியக் குழு வாசித்த ஒரு பாட்டைப் பலர் கேட்டிருப்பீர்கள். முதற் பகுதி ஆறுதலாகப் போகும். சரணம் முடிந்ததும் வேகம் கூடவேண்டும். அந்த இடம் வந்தபோது மிருதங்கம் ஒரு வேகத்தில் போனது, கீபோட் இன்னொரு வேகத்தில் போனது, டிரம்ஸ் வாசித்த பிள்ளை கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். முன்னால் நின்று தாளம் போட்டவன் நான்தான். எட்டுப் பத்துத் தட்டுக்குப் பிறகு எல்லோரும் எப்படியோ ஒன்று சேர்ந்தார்கள். சபையோரும் பெருந்தன்மையுடன் கைதட்டினார்கள்.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் மகள் சொன்னாள்: "அப்பா, மற்ற ஆக்களில பிழையில்லை. புது வேகம் எவ்வளவு எண்டு நீங்கள் மனசுக்குள்ள நினைச்சது எங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அவள் இங்குள்ள பள்ளிக்கூட வாத்தியக் குழுவில் தாள வாத்தியம் வாசிப்பவள். வேகத்தை ஒருவரும் ஊகிக்காமல், பழைய வேகத்துக்குள் இருந்தே புதிய வேகத்தைப் பிறப்பிக்கும் ஒரு முறையை அங்கே படித்திருந்தாள். மேல்நாட்டுச் சங்கீதத்தில் இதற்கு மெற்றிக் மொடியுலேசன் என்று பெயர். அமெரிக்க இசையமைப்பாளர் எலியட் கார்ட்டர் 1948இல் செலோவுக்கும் பியானோவுக்குமாக எழுதிய சொனாட்டாவில் இதைக் கையாண்டார். அதைப் பற்றி 1951இல் எழுதிய ரிச்சர்ட் பிராங்கோ கோல்ட்மன் என்பவர்தான் இந்தப் பெயரை வைத்தார். பெயர் புதிதானாலும் எண்ணம் பழையது. இரண்டின் இடத்தில் மூன்றை வைத்து வேகத்தை மாற்றும் கணக்கு 15ஆம், 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் பாடகர்களுக்கும் தெரிந்திருந்தது.

நமது சங்கீதம் படித்தவர்களுக்கு இதை ஒரே வசனத்தில் விளங்கவைக்கலாம்: கிரக பேதம் ராகத்துக்குச் செய்வதை இது வேகத்துக்குச் செய்கிறது. மோகனத்தின் ரிஷபத்தைப் புதிய சட்ஜமாக எண்ணிக்கொண்டு அதே ஐந்து சுரங்களைப் பாடினால் மத்தியமாவதி வருகிறது. சுரம் ஒன்றும் மாறவில்லை, எதை ஆதாரமாக எடுக்கிறோம் என்பதே மாறியது. அதேபோல இங்கும், ஓடிக்கொண்டிருக்கும் சிறு ஒலிகளின் வேகம் மாறுவதில்லை. அவற்றில் எத்தனையைச் சேர்த்து ஒரு தட்டு என்று எண்ணுகிறோம் என்பது மட்டும் மாறுகிறது.

எங்கள் பாட்டையே கணக்காகப் போட்டுப் பார்ப்போம். முதற் பகுதி நிமிடத்துக்கு 80 தட்டு. ஒரு சுற்றுக்கு நாலு தட்டு. ஒவ்வொரு தட்டையும் மூன்றாகப் பிரித்து "தகிட" என்று சொல்லுங்கள். நிமிடத்துக்கு 240 சிறு அலகுகள் ஓடுகின்றன. இந்த 240 தான் நமது பொது நாணயம். நான் கணக்காளன் ஆனபடியால் அப்படித்தான் தோன்றுகிறது: ஒரு நாட்டுக் காசை இன்னொரு நாட்டுக் காசாக்கும்போது இரண்டையும் டொலரில் பார்ப்பதில்லையா, அதைப் போன்றது. இப்போது அதே அலகுகளை மூன்று மூன்றாக எண்ணாமல் இரண்டிரண்டாக, "தக" "தக" என்று எண்ணுங்கள். 240ஐ இரண்டால் பிரிக்க 120 வருகிறது. அதுதான் புதிய தட்டு. கணக்கு இவ்வளவுதான்: 80 × 3 ÷ 2 = 120. ஆறுதலான பகுதி வேண்டுமென்றால் அதே அலகுகளை நாலு நாலாக, "தகதிமி" என்று எண்ணினால் 60 கிடைக்கும். கூட்டவும் குறைக்கவும் ஒரே அலகு போதும்.

மெற்றோனோம் இல்லாமலே இதைச் சரிபார்க்கலாம். 80இல் நாலு தட்டுக்கு மூன்று விநாடி. 120இல் ஆறு தட்டுக்கும் அதே மூன்று விநாடி. கைக்கடிகாரத்தின் விநாடி முள் போதும்.

தனி ஆவர்த்தனத்தில் திஸ்ர நடைக்குப் போவதும் இதுதானே என்று சிலர் கேட்கக்கூடும். நானும் அப்படித்தான் மகளிடம் வாதாடினேன். பாதிதான் சரி. நடை மாறும்போது தாளம் போடும் கை அதே வேகத்தில் இருக்கிறது. உள்ளே இருக்கும் பிரிவுதான் நாலிலிருந்து மூன்றாகிறது. கை அசையாமல் நிற்பதால் வித்துவான் எவ்வளவு தூரம் போனாலும் திரும்பிவர வீடு இருக்கிறது. இங்கேயோ உள்ளே இருக்கும் பிரிவு அசையாமல் நிற்கிறது, கைதான் வீடு மாறுகிறது. ஆகவே நடை மாற்றம் பழகிய பிள்ளைகளுக்கு முதற் பாதி ஏற்கெனவே வரும். கையை விடுவதுதான் அவர்களுக்குப் பயமாக இருக்கும்.

பழகும் ஒழுங்கைச் சொல்கிறேன். முதலில் கையில் பழைய தட்டு, வாயில் "தகிட தகிட". அது நிலைத்ததும் கையை மாற்றாமல், அலகின் வேகத்தையும் மாற்றாமல், வாயில் மட்டும் "தக தக தக" என்று சொல்லவேண்டும். இரண்டு தட்டுக்குள் மூன்று "தக" வரும். முதல் தட்டு முதலாவது "த"வில் விழும், இரண்டாவது தட்டு நடுவிலுள்ள "தக"வின் "க"வில் விழும். அந்தத் தட்டு "த"வில் விழுகிறதென்றால் நீங்கள் அறியாமல் வேகத்தை மாற்றிவிட்டீர்கள். திரும்ப "தகிட"வுக்கு வாருங்கள். இது கையில் வந்துவிட்டால், ஒரு சுற்றின் தொடக்கத்தில் கையை வாயோடு சேர்த்து ஒவ்வொரு "த"விலும் போடுங்கள். அந்தக் கணத்தில் நீங்கள் 120இல் நிற்கிறீர்கள். எங்கள் பிள்ளைகளுக்கு நடுப்படி வர மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் எடுத்தன. கடைசிப் படிக்கு ஐந்து நிமிடமும் ஆகவில்லை.

மேடையில் செய்யும்போது, மாறும் இடத்துக்கு முன்னால் குறைந்தது இரண்டு சுற்றாவது அந்தச் சிறு அலகு எல்லோர் காதிலும் விழவேண்டும். மாறிய பிறகும் ஒரு சுற்றாவது தொடரவேண்டும். நாங்கள் அந்த வேலையைக் கஞ்சிராப் பிள்ளை ஒருவனிடம் மட்டும் கொடுத்தோம். அவனுக்கு மாற்றமே இல்லை. முழுக்க ஒரே சீராக அலகை வாசித்துக்கொண்டிருப்பான், மற்றவர்கள் அவனுக்கு மேலே வீடு மாறுவார்கள். கடைசிச் சுற்றில் மிருதங்கம் "தக"வின் "த"க்களை மட்டும் சற்று அழுத்தி வாசிக்கும். ஒரு சுற்றில் பன்னிரண்டு அலகு, அதில் ஆறு சோடி மீதியில்லாமல் அடங்குகிறது. ஆகவே அழுத்தம் சரியாகச் சுற்றின் முடிவில் வந்து நிற்கும். எல்லா எண்ணும் இப்படி ஒத்துப்போகாது. தட்டை நாலாகப் பிரித்து ஐந்தைந்தாகச் சேர்க்கப் போனால் ஒரு சுற்றின் பதினாறு அலகில் ஒன்று மிஞ்சும். ஐந்து சுற்றுக்குப் பிறகுதான் இரண்டும் சந்திக்கும். தொடங்குபவர்கள் அந்தப் பக்கம் போகவேண்டாம்.

இனி நாங்கள் கண்ட பிழைகள். மாறிய பிறகு புதிய தட்டு நொண்டுகிறது, மூன்றில் ஒன்று குட்டையாக வருகிறது என்றால் பிழை அங்கே இல்லை, முன்னால் இருக்கிறது. "தகிட"வைச் சமமாகச் சொல்லாமல் "தா-கிட" என்று முதலாவதை நீட்டியிருக்கிறார்கள். 2, 1, 1 என்ற அளவில் ஓடும் ஒலிகளைச் சோடி சேர்த்தால் 3, 3, 2 என்றுதானே வரும். கூட்டினால் எட்டு சரியாக இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு பதிவும் பிழை. ஐந்தொகை சமப்பட்டதும் கணக்கு சரி என்று நம்பும் புதுக் கணக்காளர்களின் நிலைதான்.

அடுத்தது தாளில் வரும் பிழை. மேல்நாட்டுச் சுரத்தாளில் மாறும் கோட்டுக்கு மேலே இரண்டு சுரக்குறிகளைச் சமன் குறியிட்டு எழுதியிருப்பார்கள். இடப்பக்கம் பழையது, வலப்பக்கம் புதியது என்பது இன்று பொதுவான வழக்கம். பழைய பதிப்புகள் சிலவற்றில் அது மறுதலையாகவும் இருக்கும். எங்கள் தாளில் இருந்த குறியை மாறி வாசித்தால் 120க்குப் பதிலாக 53 வரும். வேகமாக வேண்டிய பகுதி ஊர்ந்து போகும். ஆகவே குறியை மட்டும் நம்பாமல் இரண்டு பக்க வேகங்களையும் எண்ணால் பென்சிலில் எழுதிவைப்பது நல்லது.

எண் எழுதும்போதும் ஒரு கவனம் வேண்டும். 80ஐ நாலாகப் பிரித்து மூன்று மூன்றாகச் சேர்த்தால் 320 ÷ 3, அதாவது 106.667 வருகிறது. மனிதர்கள் மட்டும் வாசித்தால் அலகைப் பிடித்துக்கொண்டு போவார்கள், எண் தேவையே இல்லை. ஆனால் கணினியில் பதிந்த பின்னணி இசையோடு வாசிப்பதென்றால், 107 என்று முழு எண்ணாக்கி விட்டால் நிமிடத்துக்கு மூன்றில் ஒரு தட்டு விலகும். மூன்று நிமிடத்தில் முழுத் தட்டு ஒன்று போய்விடும். மென்பொருள் தசமத்தை ஏற்றால் 106.667 என்றே கொடுங்கள். ஏற்காவிட்டால் தொடக்க வேகத்தை 81 ஆக்குங்கள். 81 × 4 ÷ 3 = 108, மீதியில்லை.

எங்கள் பாட்டில் கடைசிப் பல்லவிக்குப் பழைய வேகத்துக்குத் திரும்பவேண்டும். அங்கேதான் பெரியவர்கள் அவசரப்படுகிறார்கள், நான் உட்பட. 120இன் உற்சாகத்தில் இருந்துகொண்டு 80ஐ நினைவிலிருந்து எடுத்தால் 86, 88 என்றுதான் வருகிறது. நினைவு வேண்டாம். வந்த வழியே போகவேண்டும்: "தக தக" ஓடிக்கொண்டிருக்க, வாயில் "தகிட"வுக்கு மாறி, மூன்றுக்கு ஒரு தட்டாகக் கையை வைத்தால் 240 ÷ 3, அதே 80. இம்முறை ஒத்திகையில் மகள் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பல்லவியின் எட்டுத் தட்டும் ஆறு விநாடியில் முடிந்தது. கையைத் தூக்கி எனக்குக் காட்டினாள்.