ஓடியா, தவணைக்கடனா, பட்டியல் பணமா? நண்டு பதனிடுவோர் கவனத்துக்கு

பள்ளிமுனையில் நண்டு வாங்கிச் சுத்தம் செய்து கொழும்புக்கு அனுப்பும் சிறு பட்டறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கரையில் நண்டுக்குக் காசு அன்றே கொடுக்க வேண்டும். 300 கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கும் ஏற்றுமதியாளரோ 35 நாள் கழித்துத்தான் பணம் தருவார். திட்ட அறிக்கை எழுதும்போது இந்த இடைவெளியைத்தான் முதலில் அளக்க வேண்டும்.

கீழே வருவது ஓர் உதாரணக் கணக்கு. நண்டு, கூலி, ஐஸ், லொறி எல்லாம் சேர்த்து வாரச் செலவு 7 இலட்சம் ரூபா. வார விற்பனை 8 இலட்சம். முதல் பணம் ஆறாம் வாரத்தில்தான் வரும். அதற்குள் 35 இலட்சம் வெளியே போயிருக்கும். கைமுதல் 10 இலட்சம் என்றால், குறைவது 25 இலட்சம். இதற்கு மேல் 24 இலட்சத்தில் ஒரு குளிரறையும் வேண்டும்.

செய்ய வேண்டியவை

1. குளிரறைக்குத் தவணைக்கடன் கேளுங்கள். பல வருடம் உழைக்கும் பொருளின் கடனை அதன் உழைப்பிலிருந்தே பல வருடத்தில் அடைக்க வேண்டும். 24 இலட்சத்தை 48 மாதத்துக்குப் பிரித்தால் முதல் மாதம் 50,000. அதோடு 14 வீத வட்டி 28,000 சேரும். வாடையோ சோளகமோ அடித்துப் படகு இறங்காத மாதங்களில் இந்த 78,000 வராது. ஆகவே அந்த மாதங்களில் வட்டி மட்டும் கட்டும் அட்டவணையைக் கையெழுத்துக்கு முன்பே கேட்டு வாங்குங்கள்.

2. நண்டு வாங்கும் அன்றாடப் பணத்துக்கு மேலதிகப்பற்றை, அதாவது ஓடியை, வையுங்கள். எடுத்த தொகைக்கு, எடுத்த நாளுக்கு மட்டுமே வட்டி என்பதால் ஏறி இறங்கும் தேவைக்கு அது பொருந்தும். ஆனால் வங்கி காணியின் பெறுமதியைப் பார்த்தே எல்லை வைக்கும். நம் உதாரணத்தில் 15 இலட்சம் என்று வையுங்கள். இன்னும் 10 இலட்சம் குறைகிறது.

3. அந்த 10 இலட்சத்துக்கு மட்டும் விலைப்பட்டியலை வைத்துப் பணம் வாங்குங்கள். 8 இலட்சப் பட்டியலுக்கு 80 வீதம், அதாவது 6.4 இலட்சம் முன்பணம் கிடைத்தால், இரண்டு பட்டியலில் 12.8 இலட்சம் கைக்கு வரும். ஆண்டுக்கு 18 வீத வட்டியும் பட்டியல் தொகையில் 1 வீதக் கட்டணமும் என்றால், 35 நாளுக்கு ஒரு பட்டியலின் செலவு சுமார் 19,000. வாரம்தோறும் மிச்சம் சேரச் சேர, கொடுக்கும் பட்டியலையும் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

4. பணவரவுத் திட்டத்தை வாரவாரியாக எழுதுங்கள். மாதக் கணக்கில் ஐந்தாம் வாரத்துப் பள்ளம் மறைந்துவிடும்.

செய்யக்கூடாதவை

1. குளிரறையை ஓடியில் வாங்காதீர்கள். 15 இலட்ச எல்லை முதல் நாளிலேயே முடிந்துவிடும். அடுத்த நாள் சம்மாட்டிக்குக் கொடுக்கக் காசு இராது. ஓடி வங்கி கேட்டால் திருப்பிக் கட்ட வேண்டிய கடன் என்பதையும் மறக்கக்கூடாது.

2. எல்லாப் பட்டியலையும் பழக்கமாக அடகு வைக்காதீர்கள். வாரத்துக்கு 19,000 என்றால் 26 வாரத்தில் ஏறக்குறைய 5 இலட்சம் போகும். வாரத்தில் மிஞ்சும் ஒரு இலட்சத்தில் ஐந்தில் ஒரு பங்கு அது.

3. தகராறு வரக்கூடிய பட்டியலைக் கொடுக்காதீர்கள். கொழும்பில் நிறை குறைந்தது, நண்டு மென்மையாக இருந்தது என்று வாங்குபவர் பணத்தைப் பிடித்தால், மீளப்பெறும் உரிமையுள்ள ஒப்பந்தத்தில் முன்பணத்தை நீங்களே திருப்பிக் கட்ட வேண்டும். சரக்கு சரியாகக் கிடைத்தது என்று அவர் எழுத்தில் தந்த பின்பே பட்டியலைக் கொண்டு போங்கள். ஓடிக்கு ஏற்கெனவே பிணையாக எழுதிக் கொடுத்த வரவுகளை இன்னொரு நிறுவனத்துக்கும் கொடுக்காதீர்கள்.

4. மாறும் வட்டியை நிலையானது என்று எண்ணித் திட்டம் போடாதீர்கள். 2022 ஏப்ரல் 8 அன்று இலங்கை மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி உயர்த்தியது. உங்கள் வட்டி 14இலிருந்து 21 ஆனால், குளிரறைக் கடனுக்கு முதல் மாத வட்டி 28,000இலிருந்து 42,000 ஆகும். அதையும் தாங்குமா என்று இன்றே போட்டுப் பாருங்கள்.

பருவம் முடிந்து பட்டியல் பணமெல்லாம் வந்த பிறகும் ஓடி எல்லையிலேயே நின்றால், அங்கே பணம் நிரந்தரமாக முடங்கிவிட்டது என்று பொருள். அந்தத் தொகையைத் தவணைக்கடனாக மாற்றும்படி முகாமையாளரிடம் நீங்களே முதலில் கேளுங்கள். அவர் எல்லையைக் குறைக்கும் நாள்வரை காத்திருக்க வேண்டாம்.