மீதி நிலா எங்கே இருக்கிறது?

அன்புள்ள தங்கைக்கு,

உன் கதையை இரண்டு முறை வாசித்தேன். பசித்த முயல் ஒன்று தினமும் ராத்திரி நிலாவைக் கொஞ்சம் கொறிக்கிறது. பதினைந்தாம் நாள் நிலாவே இல்லை. முயல் அழுவதைப் பார்த்து இரக்கப்பட்டு நிலா மறுபடி வளர்கிறது. ஐந்து வயதுப் பிள்ளை தூங்கப் போகும்போது கேட்பதற்கான ஓசை உன் வாக்கியங்களில் இருக்கிறது. அந்த ஓசையை நான் தொடமாட்டேன். ஆனால் கடைசிப் பக்கத்தில் பெற்றோருக்கு ஒரு குறிப்பு எழுதியிருக்கிறாயே, பூமியின் நிழல் நிலாவின்மேல் விழுவதால்தான் பிறை தோன்றுகிறது என்று, அது தவறு. முயலும் அந்த நிழலும் ஒரே எண்ணத்தில் பிறந்தவை. நிலாவுக்கு வெளியிலிருந்து யாரோ எதையோ செய்கிறார்கள் என்ற எண்ணம் அது. யாரும் எதுவும் செய்வதில்லை. கதையை இந்த இடத்திலிருந்துதான் திரும்ப எழுத வேண்டும்.

முதலில் நிழலை முடித்துவிடுவோம். மூன்றாம் பிறையை எங்கே பார்க்கிறோம்? சூரியன் விழுந்த கொஞ்ச நேரத்தில், அதே மேற்கில். சூரியன் மேற்கே இருந்தால் பூமியின் நிழல் கிழக்குப் பக்கமாகத்தான் நீளும். மேற்கே நிற்கும் பிறைமேல் அது எப்படி விழும்? பூமியின் நிழல் நிலாவைத் தொட வேண்டுமென்றால் சூரியனுக்கு நேர் எதிரே நிலா வர வேண்டும். அது பௌர்ணமியன்று மட்டுமே நடக்கக்கூடியது; அப்போதும் நிலாவின் பாதை ஐந்து பாகை சாய்ந்திருப்பதால் பெரும்பாலான பௌர்ணமிகளில் நிலா நிழலுக்கு மேலோ கீழோ விலகிப் போய்விடுகிறது. தப்பாமல் நிழலுக்குள் போகிற நாளுக்குச் சந்திர கிரகணம் என்று பெயர். பிறை வேறு, கிரகணம் வேறு.

ஆரியபடர் 499-ல் எழுதிய ஆரியபடீயத்தில் இது தெளிவாகவே இருக்கிறது: கோளங்களில் சூரியனைப் பார்க்கும் பாதி ஒளியுடன் இருக்கிறது, மறு பாதி தன் சொந்த நிழலால் இருண்டிருக்கிறது. தன் சொந்த நிழல் என்பதைக் கவனி. நிலாவில் எப்போதும் ஒரு பாதி பகல், ஒரு பாதி இரவு. அமாவாசையன்றும் அப்படித்தான், பௌர்ணமியன்றும் அப்படித்தான். அந்தப் பகல் பாதியில் எவ்வளவு நம் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதுதான் நாளுக்கு நாள் மாறுகிறது.

இதை ஐந்து வயதுப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? சூரியன், பூமி, நிலா மூன்றையும் மேலேயிருந்து பார்க்கிற மாதிரி வட்டம் போட்டுக் காட்டும் பாடப்புத்தகப் படத்தைக் கதைக்குள் கொண்டுவராதே. அந்தப் படத்தைப் புரிந்துகொள்ள, தான் நிற்கும் இடத்தை விட்டு வெளியே போய், வானத்துக்கு அப்பாலிருந்து பார்க்கத் தெரிய வேண்டும். அந்த வயதில் அது வராது. தான் நடந்தால் நிலாவும் கூடவே நடக்கிறது என்று நம்புகிற வயது அது. சின்னப் பிள்ளைகள் அப்படி நினைப்பதை ஜான் பியாஜே நூறு வருஷத்துக்கு முன்பே விசாரித்து எழுதியிருக்கிறார். ஆகவே கதை பிள்ளையின் கண் இருக்கிற இடத்திலேயே நடக்கட்டும். அவள் நிற்கட்டும், அவள் திரும்பட்டும், அவள் பார்க்கட்டும்.

இதற்கு ஒரு பந்தும் ஒரு விளக்கும் போதும். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் எலுமிச்சை அளவு தெர்மகோல் பந்தை ஒரு பென்சிலில் குத்திக்கொள். அறையின் ஒரு மூலையில், பிள்ளையின் தலை உயரத்தில் ஒரே ஒரு குண்டு பல்பு. மற்ற விளக்குகளை எல்லாம் அணைத்துவிட வேண்டும். டார்ச் வேண்டாம், அதன் ஒளி ஒரே பக்கமாகப் போகும், திரும்பினால் பந்து இருட்டுக்குள் போய்விடும். வெள்ளைச் சுவருக்கு ஒட்டினாற்போல் நிற்கவும் கூடாது. சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் பந்தின் இருட்டுப் பக்கத்தை வெளுக்கச் செய்துவிடும். விளக்கைப் பார்த்து நின்று, பென்சிலை நீட்டிப் பிடித்தால் பந்தின் கறுத்த பக்கம் மட்டும் தெரியும். அது அமாவாசை. கையை நீட்டியபடியே இடப்பக்கமாக மெல்லத் திரும்பினால் பந்தின் வலது ஓரத்தில் ஒரு மெல்லிய வெளிச்சக் கோடு எழும். கால் வட்டம் திரும்பியதும் வலது பாதி வெள்ளை, இடது பாதி கறுப்பு. விளக்குக்கு முதுகு காட்டி நின்றால் முழுப் பந்தும் வெள்ளை.

தவறு நேர்வது இந்தக் கடைசி நிலையில்தான். பந்தைத் தலைக்கு நேராகப் பிடித்தால் பிள்ளையின் தலை நிழல் அதன்மேல் விழுந்துவிடும். பந்தைத் தலைக்குமேல் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கச் சொல். இதைப் புதிய கதையில் வரும் அம்மாவுக்குச் சொல்லிக்கொடு, ஆனால் கதைக்குள் கிரகணம் பற்றிப் பேசாதே. வேறொரு ராத்திரிக்கு வேறொரு கதை.

கதையின் நடுப்பகுதியை நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

"அம்மா, மீதி நிலா எங்கே?" என்று மல்லி கேட்டாள்.

அம்மா பதில் சொல்லவில்லை. விளக்கை அணைத்தாள். மூலையில் ஒரு சின்ன பல்பு மட்டும் எரிந்தது. மல்லியின் கையில் வெள்ளைப் பந்தைக் கொடுத்தாள்.

"இது உருண்டையா?"

"உருண்டை."

"திரும்பு. மெதுவாத் திரும்பு. இப்ப?"

பந்தின் ஓரத்தில் ஒரு பிறை வந்திருந்தது. மல்லி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். இன்னும் கொஞ்சம் திரும்பினாள். பிறை பெருத்தது.

"யாராவது பந்தைக் கடிச்சாங்களா?"

மல்லி பந்தைத் தொட்டுப் பார்த்தாள். கறுப்பாக இருந்த பக்கத்தையும் தடவிப் பார்த்தாள். பந்து முழுசாகத்தான் இருந்தது.

அந்தத் தடவிப் பார்க்கும் இடத்தில் நிறுத்து. விளக்கம் எதுவும் சேர்க்காதே. வெளிச்சம் படாத பக்கமும் பந்துதான் என்று அவள் விரல் சொல்லிவிட்டது. அடுத்த பக்கத்தில் அவளை மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போ. மூன்றாம் பிறையன்று வானம் தெளிவாக இருந்தால், பிறைக்குள் அணைந்தாற்போல் மிச்ச நிலாவும் வட்டமாக, மங்கலாகத் தெரியும். சூரிய ஒளி பூமியில் பட்டு, அங்கிருந்து எழும்பி நிலாவின் இருட்டுப் பக்கத்தில் விழுவதால் வரும் மங்கல் அது. லியோனார்டோ டாவின்சி பதினாறாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் தன் குறிப்பேட்டில் இதே காரணத்தை எழுதி வைத்தார். மல்லிக்குக் காரணம் வேண்டாம். "அதோ மீதி நிலா" என்று அவளே காட்டினால் போதும். உன் கதையின் உச்சம் அதுதான். முயலை வைத்து இதற்கு நிகராக ஒன்றை உன்னால் செய்ய முடியாது, ஏனென்றால் இது புத்தகத்தை மூடியபின் வெளியே போய்ப் பார்க்கக் கிடைக்கிறது.

அடுத்து நேரம். உன் கதையில் முயல் நடுராத்திரியில் மெல்லிய பிறையைக் கொறிக்கிறது. நடுராத்திரியில் மூன்றாம் பிறை வானத்தில் இருக்காது. சூரியன் விழுந்த சுமார் இரண்டு மணி நேரத்தில் அதுவும் விழுந்துவிடும். எட்டரை மணிக்குப் படுக்கும் பிள்ளை ஜன்னல் வழியே அதைத் தேடினால் ஏமாந்துபோவாள். ஆகவே பார்ப்பது மாலையில், கதை சொல்வது படுக்கையில் என்று பிரித்துக்கொள். வளர்பிறை அஷ்டமியன்று பாதி நிலா மாலையிலேயே உச்சியில் நிற்கும், நடுராத்திரி வாக்கில் விழும். பௌர்ணமியன்று சூரியன் மேற்கே இறங்கும்போது கிழக்கே நிலா ஏறும். அதற்குப்பின் தினமும் ஏறத்தாழ ஐம்பது நிமிஷம் தாமதமாக எழும். நாலைந்து நாளில் பிள்ளை தூங்கியபிறகுதான் நிலாவே வரும். தேய்பிறை தூங்கும் நேரத்துக்கு உரியதல்ல. அதைக் காலையில் காட்டலாம். பௌர்ணமி கழிந்த ஐந்தாறு நாளில் பள்ளிக்கூட வேனுக்குக் காத்திருக்கும்போது மேற்கு வானத்தில் வெளிறிய நிலா நிற்கும். கதையை வளர்பிறையோடு முடித்து, கடைசியில் அந்தக் காலை நிலாவை ஒரே ஒரு பக்கம் வை. அமாவாசைக்கு அமாவாசை இருபத்தொன்பதரை நாள் என்பதை எண்ணாகச் சொல்லவே தேவையில்லை.

ஓவியரிடமும் பேசு. வெளிநாட்டுப் படப்புத்தகங்களைப் பார்த்துப் பிறையைச் செங்குத்தாக நிறுத்தி வரைவார்கள். அது வடக்கே தூரத்தில் இருக்கும் ஊர்களுக்குப் பொருந்தும். பிறையின் வெளிச்ச விளிம்பு சூரியன் இருக்கும் திசையையே காட்டும். நம் ஊரில் சூரியன் அடிவானத்துக்குள் ஏறக்குறைய நேர்கீழாக இறங்குவதால், மாசி பங்குனி மாலைகளில் பிறை இரண்டு முனையும் மேலே பார்க்க மல்லாந்து கிடக்கும். புரட்டாசி வாக்கில் சாய்ந்திருக்கும். இரண்டு முனைகளுக்கு நடுவே நட்சத்திரம் வரையக் கூடாது. அங்கே இருப்பது நிலாவின் இருட்டுப் பக்கம். அதைத் தாண்டி எந்த நட்சத்திரமும் தெரியாது. ஓவியம் தவறினால் உன் வாக்கியம் எவ்வளவு சரியாக இருந்தாலும் பிள்ளை படத்தைத்தான் நம்பும்.

தக்கன் சாபத்தால் சந்திரன் தேய்ந்த கதையைப் பாட்டி சொல்வாளே, அதை என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். பாட்டி சொல்லட்டும். இருபத்தேழு மனைவிகளும் சாபமும் சிவன் தலையில் ஏறிய பிறையும் அருமையான கதை. அதையும் இதையும் ஒரே புத்தகத்தில் கலக்காதே, அவ்வளவுதான். கலந்தால் இரண்டுமே பாதியாகிவிடும்.

கதை பலித்ததா என்று தெரிந்துகொள்ள, வாசித்து முடித்து இரண்டு நாள் கழித்து அதே பிள்ளையிடம் பிறையைக் காட்டி, "மீதி எங்கே?" என்று மட்டும் கேள். "அங்கேயே இருக்கு, இருட்டா இருக்கு" என்றால் கதை வேலை செய்திருக்கிறது. "மேகம் மறைச்சிடுச்சு" என்றோ "தேஞ்சு போச்சு" என்றோ சொன்னால் பந்தைத் தடவும் இடத்தில் நீ அவசரப்பட்டிருக்கிறாய். அந்தப் பக்கத்தை மறுபடி எழுது. "சூரியன் எந்தப் பக்கம் இருக்கு?" என்று கேட்டதும் பிறையின் வெளிச்ச விளிம்பைப் பார்த்துவிட்டுக் கை நீட்டுகிற பிள்ளை கிடைத்தால், அந்த வயதுக்கு அதற்குமேல் ஒன்றும் சொல்லித்தர வேண்டாம்.

பெற்றோருக்கான குறிப்பை இன்றே நீக்கிவிடு. அடுத்த அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் மாலை, தெருவில் ஏதாவதொரு ஐந்து வயதுப் பிள்ளையோடும் அவள் அம்மாவோடும் மாடிக்குப் போய், புதிய பிரதியை வாய்விட்டு வாசித்துப் பார். அந்தப் பிள்ளை என்ன கேட்டாளோ அதைப் பிரதியின் ஓரத்தில் அப்படியே எழுதி எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் அக்கா