நிறுவனத்தின் பெயரில் வீடு: உரிமையாளருக்கு எழுதும் முதற்கடிதம்

பெங்களூருவில் 'லீஸ்' என்ற சொல்லுக்குத் தனிப்பொருள் உண்டு. பெருந்தொகை ஒன்றை உரிமையாளரிடம் கொடுத்து, மாத வாடகையின்றிக் குடியிருந்து, காலிசெய்யும்போது அதைத் திரும்பப் பெறும் முறையையே அங்குப் பலர் லீஸ் என்கின்றனர். எனவே ஊழியருக்காக வீடு கேட்கும் நிறுவனப் பிரதிநிதி 'கம்பெனி லீஸ்' என்று மட்டும் எழுதினால் உரிமையாளர் வேறொன்றை எண்ணக்கூடும். மாத வாடகை, முன்பணம், காலம் ஆகிய மூன்றையும் கடிதத்தின் முதற்பத்தியிலேயே குறிப்பிடுவது நன்று.

ஒயிட்ஃபீல்டு பகுதியில் ஓர் அடுக்குமாடி வீடு. மாத வாடகை 60,000 ரூபாய், முன்பணம் ஆறு மாத வாடகை, காலம் 11 மாதங்கள் என்று கொள்வோம். கடிதத்தில் இவ்வாறு எழுதலாம்: "வாடகைதாரர் எங்கள் நிறுவனம், குடியிருப்பவர் எங்கள் ஊழியர். அவர் பணியிலிருந்து விலகினால், தங்களுக்குத் தெரிவித்து வேறோர் ஊழியரைக் குடியமர்த்துவோம். முன்பணம் 3,60,000 ரூபாயை நிறுவனத்தின் வங்கிக் கணக்கிற்கே திருப்பித் தர வேண்டுகிறோம்." இறுதி வாக்கியம் விடுபட்டால், விலகிச் செல்லும் ஊழியரின் கையில் பணம் சேர்ந்து, பின்னர் அதை மீட்பது கடினமாகும்.

அடுத்தது வரி. தனிநபரின் குடும்பம் குடிவந்தால் முழு வாடகையையும் பெற்றுப் பழகிய உரிமையாளர், நிறுவனம் 54,000 ரூபாய் மட்டுமே அனுப்பியதைக் கண்டு குறைத்துவிட்டதாகக் கருதுவார். எங்கள் கிளைகளுக்கும் வந்து கேட்பார். வாடகை மாதம் 50,000 ரூபாயைத் தாண்டினால், நிறுவனம் பத்து விழுக்காட்டைப் பிடித்து வருமான வரித்துறையில் செலுத்த வேண்டும் என்பது 2025 ஏப்ரல் முதல் உள்ள வரம்பு. பிடித்த 6,000 ரூபாய் உரிமையாளரின் பான் எண்ணில் வரவு வைக்கப்படும். ஆண்டுக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம். பான் எண் தராவிட்டால் பிடித்தம் இரு மடங்காகி 12,000 ரூபாயாகும். ஆகவே கடிதத்திலேயே பான் எண்ணைக் கேட்டுவிட வேண்டும். திருப்பித் தரத்தக்க முன்பணத்தில் பிடித்தம் இல்லை. உரிமையாளர் வெளிநாட்டில் வசிப்பவராயின் விதியும் விகிதமும் வேறு; அதை முன்னரே விசாரித்தறிவது அவசியம்.

சரக்கு மற்றும் சேவை வரி பற்றிய அச்சமும் உரிமையாளர்களுக்கு உண்டு. 2022 ஜூலை 18 முதல், அவ்வரிக்குப் பதிவுபெற்ற நிறுவனம் குடியிருப்பு வீட்டை வாடகைக்கு எடுத்தால், 18 விழுக்காட்டு வரியை அந்நிறுவனமே நேரடியாக அரசுக்குச் செலுத்த வேண்டும். நம் எடுத்துக்காட்டில் அது மாதம் 10,800 ரூபாய். இது வாடகையிலிருந்து குறைக்கப்படுவதன்று. இதற்காக உரிமையாளர் பதிவு செய்யத் தேவையும் இல்லை. இவ்விரு செய்திகளையும் எழுதிவிட்டால் தயக்கம் பெரும்பாலும் நீங்கும்.

கடிதத்துடன், கையொப்பமிடுபவருக்கு நிறுவனம் அளித்த அதிகாரக் கடிதத்தின் நகலையும் இணைக்க வேண்டும். ஒப்பந்தத்திலும் அவரே கையொப்பமிடுவது நல்லது.