வண்டி ஏன் ராத்திரி ஒன்பது மணிக்குத் திரும்புகிறது?

கேள்வி: கும்பகோணத்தில் பிஸ்கட், சோப்பு, சமையல் எண்ணெய் மூன்றுக்கும் டிஸ்ட்ரிபியூட்டராக இருக்கிறேன். ஊருக்குள் 130 கடை, வெளியூர்களில் 180 கடை. ஒரு குட்டி யானையும் ஒரு தோஸ்த்தும் ஓடுகின்றன. இரண்டு சேல்ஸ்மேன்கள் ஆர்டர் எடுக்க, மறுநாள் சரக்கு போகிறது. தோஸ்த் தினமும் ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் திரும்புகிறது, அதிலும் ஐந்தாறு பில் சரக்கு இறங்காமல் வந்துவிடுகிறது. போன வாரம் ஒரு நாள் கணக்கைக் குறித்து வைத்தேன்: காலை 10.45க்குக் கிளம்பியது, 27 பில், 92 கிலோமீட்டர், திரும்பியது 9.10, இறங்காதது 6 பில். பாதையை எப்படிப் பிரிப்பது, வண்டி கிளம்பும் முன் எதையெல்லாம் சரிபார்ப்பது என்று சொல்லுங்கள். இதற்கு சாஃப்ட்வேர் வாங்க வேண்டுமா?
— ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: ஒரு நாள் கணக்கைக் குறித்து அனுப்பினீர்களே, பாதி வேலை அதிலேயே முடிந்தது. அதையே பிரித்துப் பார்ப்போம்.

வண்டி வெளியே இருந்தது பத்தரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. நம் பக்கத்துச் சாலையில் சரக்கு வண்டிக்குச் சராசரி 25 கிலோமீட்டர் வேகம் வைத்தால், 92 கிலோமீட்டர் ஓட மூன்றே முக்கால் மணி நேரத்துக்குள் ஆகும். மீதி ஆறே முக்கால் மணி நேரம் வண்டி ஏதோ ஒரு கடை வாசலில் நின்றிருக்கிறது. 27 கடைக்கு வகுத்தால், சாப்பாட்டு நேரமும் சேர்த்து, கடைக்குப் பதினைந்து நிமிடம். ஓடிய நேரத்தைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு நின்றதிலேயே போயிருக்கிறது. அதனால் எந்தச் சந்தில் போனால் இரண்டு கிலோமீட்டர் குறையும் என்று டிரைவரோடு வாதாடிப் பெரிய பலன் இல்லை. அதில் மிஞ்சிப் போனால் ஐந்து நிமிடம் மிச்சமாகும். ஒவ்வொரு கடையிலும் மூன்று நிமிடம் குறைத்தால் ஒன்றே கால் மணி நேரத்துக்கு மேல் கிடைக்கும்.

இருந்தாலும் 92 கிலோமீட்டர் என்பது எனக்கு உறுத்துகிறது. ஒரே நாளில் பாபநாசத்துக்கும் போய், குடவாசலுக்கும் போய் வந்தால்தான் அவ்வளவு ஓடும். இதற்குக் காரணம் டிரைவர் அல்ல. முந்தின நாள் சேல்ஸ்மேன் எங்கெல்லாம் ஆர்டர் எடுத்தாரோ, அதுதான் மறுநாள் வண்டியின் பாதை. உங்கள் சேல்ஸ்மேன்கள் இருவரும் ஆளுக்கொரு திசையில் போகிறார்கள், தோஸ்த் இரண்டு திசைக்கும் ஓடுகிறது. ஆகவே வண்டியை விட்டுவிட்டு, முதலில் ஆர்டர் எடுக்கும் நாளை மாற்றுங்கள்.

வெளியூர்க் கடைகள் எல்லாவற்றையும் ஒரே சேல்ஸ்மேனிடம் கொடுங்கள். மற்றவர் ஊருக்குள் மட்டும். வெளியூரை மூன்று வளையமாகப் பிரிக்கலாம். தெற்கே வலங்கைமான் போய், அங்கிருந்து குடவாசல், நாச்சியார்கோயில் வழியாகத் திரும்புவது ஒன்று. மேற்கே சுவாமிமலை, பாபநாசம் போய் தாராசுரம் வழியாக வருவது இரண்டாவது. கிழக்கே திருவிடைமருதூர், ஆடுதுறை போய், திருப்பனந்தாள், சோழபுரம் வழியாக வருவது மூன்றாவது. ஒவ்வொரு வளையத்துக்கும் வாரத்தில் இரண்டு நாள். ஒரே கடைக்கு இரண்டு தடவை போவதற்காகச் சொல்லவில்லை. முதல் நாள் பாதிக் கடை, அடுத்த நாள் மறு பாதி. போன சாலையிலேயே திரும்பாமல் வேறு சாலையில் திரும்புவதால், இரு சாலைக் கடைகளையும் ஒரே சுற்றில் பார்த்துவிடலாம்.

செவ்வாய்க்கிழமை வலங்கைமான் லைனில் சேல்ஸ்மேன் முப்பது கடை ஏறி இறங்கினால், 24 பில் விழும் என்று வைப்போம். புதன்கிழமை தோஸ்த்துக்கு அந்த வளையம் ஏறக்குறைய 50 கிலோமீட்டர், ஓட இரண்டு மணி நேரம். கடைக்குப் பன்னிரண்டு நிமிடம் என்றால் நான்கே முக்கால் மணி நேரம். சாப்பாட்டுக்கு முக்கால் மணி. மொத்தம் ஏழரை. ஒன்பதரைக்குக் கிளம்பினால் மாலை ஐந்து மணிக்கு குடோனில் இருக்கும்.

வளையத்தை எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்பதைக் கடைக்காரரின் மதியத் தூக்கம் தீர்மானிக்கட்டும். கிராமத்துக் கடைகள் பல ஒரு மணிக்கு மேல் அடைத்து நாலு மணிக்குத்தான் திறக்கும். பஜார் கடைகள் திறந்திருக்கும். அதனால் சின்ன ஊர்களை மதியத்துக்கு முன் முடித்துவிட்டு, குடவாசல் மாதிரி பஜார் உள்ள ஊரை மதியத்தில் வையுங்கள். சந்தை நாளில் அந்த ஊருக்குள் வண்டியை நிறுத்த இடம் கிடைக்காது, கடைக்காரருக்கும் நம்மைக் கவனிக்க நேரம் இருக்காது. சந்தை நாளைப் பார்த்து லைன் நாளைத் தள்ளிப் போடுங்கள். கும்பகோணத்தில் முகூர்த்த நாட்களுக்கும் அதே கதைதான். காலண்டரில் அந்தத் தேதிகளை வட்டமிட்டு, அன்று ஊருக்குள் முதல் நடையை எட்டரைக்கே அனுப்பிவிடுங்கள்.

ஊருக்குள் குட்டி யானைதான் சரி. சந்துக்குள் நுழையும், திரும்பும். காலையில் ஒரு நடை, மதியத்துக்கு மேல் ஒரு நடை. எடையை மட்டும் கவனியுங்கள். ஆர்.சி. புத்தகத்தில் மொத்த எடை, காலி எடை இரண்டும் இருக்கும். கழித்தால் வருவதைத்தான் நீங்கள் ஏற்றலாம். குட்டி யானைக்கு அது பெரும்பாலும் முக்கால் டன்னை ஒட்டி வரும், டிரைவரும் லோடுமேனும் அதற்குள் அடக்கம். 15 கிலோ எண்ணெய் டின் நாற்பது ஏற்றினாலே அறுநூறு கிலோ தாண்டிவிடும். ஆனால் வண்டி பாதி காலியாகத் தெரியும், அந்த இடத்தைப் பார்த்து மேலே ஏற்றத் தோன்றும். அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாயில் தொடங்குகிறது. அதைவிட, பிரேக் பிடிக்காத வண்டியைச் சந்துக்குள் அனுப்புவது எனக்குப் பயம்.

இனி அந்தப் பதினைந்து நிமிடம். ஒரு கடையில் நீங்களே வண்டியோடு போய் நின்று பாருங்கள். இறக்க மூன்று நிமிடம்தான் ஆகும். சரக்கைத் தேட ஐந்து நிமிடம் ஆகும். 'கடைசியாக இறக்குவதை முதலில் ஏற்று' என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் உங்கள் சரக்கில் அதை அப்படியே செய்ய முடியாது. சோப்பை ஒட்டி பிஸ்கட்டை அடுக்கினால் பிஸ்கட் சோப்பு வாசனை அடிக்கும். எண்ணெய் பாக்கெட் ஒன்று கசிந்தாலும் கீழே இருக்கிற அட்டைப் பெட்டி எல்லாம் போச்சு. ஆகவே முழுப் பெட்டிகளைக் கடைவாரியாகப் பிரிக்க வேண்டாம். எண்ணெய் தரையில், பின் அச்சுக்கு முன்னால். சோப்பு ஒரு பக்கம், பிஸ்கட் மறு பக்கம், நடுவில் ஒரு ஆள் நுழைய வழி. உதிரிச் சரக்கை மட்டும் கடைவாரியாகச் சாக்கில் கட்டி, இறக்கும் வரிசை எண்ணை மார்க்கரில் பெரிதாக எழுதுங்கள். அந்தச் சாக்குகளைத்தான் கடைசிக் கடை முதலில் என்று ஏற்ற வேண்டும். பில் கட்டும் அதே எண் வரிசையில் இருக்கட்டும். லோடுமேன் '14' என்று கேட்டால் பில்லும் சாக்கும் ஒன்றாகக் கைக்கு வரும்.

காலை 10.45க்குக் கிளம்பியதும் ஏற்றும் நேரத்தால்தான் இருக்கும். ஆர்டரை ஆறு மணிக்கு மூடி, ஏழுக்குள் பில் போட்டு, சாக்கு கட்டுவதை ராத்திரியே முடியுங்கள். வண்டி குடோனுக்குள் பூட்டி நிற்கும் என்றால் ஏற்றியே வைக்கலாம். வெளியே நிற்கும் என்றால் வேண்டாம், காலையில் ஏற்றுங்கள்.

இப்போது கிளம்பும் முன் சரிபார்ப்பு. ஒரு அட்டையில் அடங்க வேண்டும், ஐந்து நிமிடத்தில் முடிய வேண்டும். அதில் உயிரான வரி ஒன்றுதான்: ஏற்றாத ஆள் எண்ண வேண்டும். நான் ஏஜென்சி நடத்தியபோது மூன்று மாதம் தொடர்ந்து சோப்பு குறைந்தது. லோடுமேனைச் சந்தேகப்பட்டேன், அது இன்றைக்கும் வருத்தம். பிறகுதான் தெரிந்தது, கம்பெனி பெட்டிக்கு 72 கட்டி என்றிருந்ததை 60 ஆக்கியிருந்தது, எங்கள் லோடிங் ஷீட் பழைய கணக்கிலேயே ஓடிக்கொண்டிருந்தது. ஏற்றியவரே எண்ணி, அவரே கையெழுத்தும் போட்டதால் யார் கண்ணிலும் படவில்லை. அதிலிருந்து, எண்ணுகிறவர் கையில் ஷீட்டைக் கொடுப்பதில்லை. பெட்டி எத்தனை, பெட்டிக்கு எத்தனை, உதிரிச் சாக்கு எத்தனை என்று வெறும் தாளில் எழுதுவார், பிறகு ஷீட்டோடு ஒப்பிடுவோம்.

அட்டையின் மற்ற வரிகள் சுருக்கமானவை. பில் எண்ணிக்கையும் சாக்கு எண்ணிக்கையும் ஷீட்டோடு பொருந்துகிறதா. டயர் காற்று, ஸ்டெப்னி, டீசல், தார்ப்பாய், கயிறு. இன்சூரன்ஸ், எஃப்.சி., புகைச் சான்றிதழ் முடியும் தேதிகளை அட்டையின் தலையிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள், தினமும் கண்ணில் படும். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டும் பில்லுக்கு இ-வே பில் வேண்டும். கடைசி நிமிடத்தில் சரக்கை அடுத்த வண்டிக்கு மாற்றினால், அதில் வண்டி எண்ணையும் மாற்ற மறக்கக் கூடாது. இரண்டு வண்டி வைத்திருப்பவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். பழைய பாக்கி வசூலிக்க வேண்டிய கடைகளுக்குத் தொகையைப் பில்லின் மேலேயே எழுதிவிடுங்கள். அதைக் கடை வாசலில் நின்று போனில் விசாரித்தால் அதற்கே நான்கு நிமிடம் போகும்.

வண்டி திரும்பியதும் இறங்காத ஒவ்வொரு பில்லிலும் காரணத்தை எழுதச் சொல்லுங்கள். 'கடை பூட்டு' என்றால் நேரத்தை மாற்ற வேண்டும். 'நேரமில்லை' என்றால் லைனில் கடை அதிகம். 'பணம் இல்லை', 'நான் ஆர்டரே போடவில்லை' என்பவை சேல்ஸ்மேனிடம் கேட்க வேண்டியவை, டிரைவரைக் குறை சொல்லிப் பயனில்லை. உங்கள் ஆறு பில்லில் எது எத்தனை என்று இரண்டு வாரம் சேர்த்துப் பாருங்கள். அந்த பில்களை அன்று ராத்திரியே கணக்கில் நேர்செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் வாங்காத சரக்குக்குக் கடைக்காரர் பெயரில் பாக்கி நிற்கும். யுபிஐயில் வந்த பணத்தைக் கடைக்காரர் போனில் காட்டும் படத்தை வைத்து வரவு வைக்காதீர்கள், உங்கள் கணக்கில் ஏறியதைப் பார்த்தே வையுங்கள்.

சாஃப்ட்வேர் இப்போதைக்கு வேண்டாம். முந்நூற்றுப் பத்துக் கடையையும் போனில் கூகுள் வரைபடத்தில் ஒருமுறை குறித்து வைத்தால், எந்தக் கடை எந்த வளையத்தில் சேரும் என்று கண்ணுக்கே தெரியும். கிழமை நிர்ணயித்ததும் சில கடைக்காரர்கள் முதல் மாதம் கோபிப்பார்கள், 'நாளைக்கே வேண்டும்' என்பார்கள். அவர்களுக்காக லைனை உடைத்து தோஸ்த்தைத் திருப்பிவிடாதீர்கள். ஊருக்குப் பக்கத்துக் கடை என்றால் குட்டி யானையின் மதிய நடையில் சேர்த்துவிடலாம். தூரத்துக் கடைக்கு, அடுத்த லைன் நாள் வரை தாங்குகிற மாதிரி ஒரு பெட்டி கூடுதலாக எடுக்கச் சொல்லி சேல்ஸ்மேன் முன்கூட்டியே பேச வேண்டும். வலங்கைமான் வளையத்தை மட்டும் முதலில் இரண்டு வாரம் இப்படி ஓட்டிப் பாருங்கள். கிளம்பிய நேரம், திரும்பிய நேரம், கிலோமீட்டர், இறங்காத பில் ஆகிய நான்கையும் முன்பு குறித்தது போலவே குறித்து எனக்கு எழுதுங்கள்.