மூக்கில் குழாய் வந்தால் முடிந்ததா?

"மூக்குல டியூப் போட்டாச்சுன்னா அவ்வளவுதான்." புற்றுநோய் வார்டு வாசலில் இதைச் சொல்லாத குடும்பத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. இந்தப் பயத்தால் டியூப்பைத் தள்ளிப்போட்டவர்கள் பட்ட பாட்டையும் பார்த்திருக்கிறேன்.

56 வயது நெசவாளர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நாக்கின் அடிப்பகுதியில் கட்டி. வாரம் 5 நாளாக 7 வாரம் கரண்ட் வைக்க வேண்டும். கூடவே வாராவாரம் ஊசி மருந்து. தொடங்கும்போது அவர் எடை 58 கிலோ. மூன்றாவது வாரத்தில் தொண்டை முழுக்கப் புண். எச்சில் விழுங்கினாலே கண்ணில் நீர் வருகிறது. நான்காவது வாரம் முடிவதற்குள் 53 கிலோ ஆகிவிட்டார்.

அந்த 5 கிலோ சிகிச்சையையே பாதிக்கும். கதிர்கள் குறிதவறாமல் விழ, தலை அசையாதபடி முகத்தின் அளவுக்கே ஒரு மாஸ்க் செய்திருப்பார்கள். கன்னமும் கழுத்தும் வற்றினால் அது தளர்ந்துவிடும். மறுபடி ஸ்கேன், மறுபடி கணக்கு என்று நாட்கள் போகலாம். உடல் தாங்காமல் சிகிச்சையை நிறுத்தினால், அந்த இடைவெளியில் கட்டியின் செல்கள் மீண்டும் பெருகும். குறித்த நாளில் சிகிச்சை முடிய வேண்டும் என்பதற்காகத்தான் டியூப் போடுகிறார்கள். தேவையான உணவில் பாதியளவுகூட ஒரு வாரத்துக்கு மேல் இறங்கவில்லை என்றாலோ, எடை வேகமாகக் குறைந்தாலோ, குடிக்கும்போதெல்லாம் புரையேறினாலோ தள்ளிப்போடக் கூடாது.

சில வாரங்களுக்கு மூக்குக் குழாய் போதும். மாதக்கணக்கில் தேவைப்படும் என்றால் வயிற்றில் நேரடியாகக் குழாய் வைப்பார்கள். உணவுக்குழாய்ப் புற்றில் கணக்கு வேறு. அறுவை சிகிச்சையில் இரைப்பையையே புது உணவுக்குழாயாக மாற்ற வேண்டியிருக்கும் என்பதால், பலருக்கு இரைப்பையை விட்டுவிட்டுச் சிறுகுடலில் குழாய் வைப்பார்கள். சிறுகுடலில் உணவு தேங்க இடமில்லை. அதனால் ஒரேயடியாக ஊற்றாமல், மருத்துவமனையில் சொன்ன வேகத்தில் மெதுவாகத்தான் செலுத்த வேண்டும்.

"குழாயில கஞ்சித் தண்ணி ஊத்துனா போதும்." போதாது. நம் நெசவாளருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,600 கலோரியும் 65 கிராம் புரதமும் வேண்டும். வடித்த கஞ்சியை ஆறு வேளை ஊற்றினாலும் 500 கலோரி தேறாது. குழாய் இருந்தும் மெலிகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் மெலிகிறார்கள். அதற்குப் பதில் 200 மில்லி பால், நன்றாக வேகவைத்த முட்டை ஒன்று, வறுத்தரைத்து வேகவைத்த பருப்புமாவு இரண்டு மேசைக்கரண்டி, எண்ணெய் இரண்டு தேக்கரண்டி ஆகியவற்றை மிக்ஸியில் அடித்து வடிகட்டினால், ஒரு வேளைக்கே ஏறக்குறைய 350 கலோரியும் 15 கிராம் புரதமும் கிடைக்கும். சர்க்கரையோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் உணவியல் நிபுணரிடம் கேட்டு அளவை மாற்றிக்கொள்ளுங்கள்.

மூக்குக் குழாயில் கொடுக்கும் முன் நோயாளியை நிமிர்த்தி உட்காரவையுங்கள். மூக்கு விளிம்பில் குழாயின் மேல் உள்ள அடையாளம் அதே இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இடம் மாறியிருந்தாலோ, கொடுக்கும்போது இருமலும் மூச்சுத்திணறலும் வந்தாலோ உடனே நிறுத்துங்கள். குழாய் நுரையீரல் பக்கம் போயிருக்கலாம். மூச்சுத்திணறல் அடங்காவிட்டால் தாமதிக்காமல் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். சிரிஞ்சின் தண்டை எடுத்துவிட்டு, உணவு தானாக இறங்கும்படி 15, 20 நிமிடம் எடுத்துக்கொண்டு ஊற்றுங்கள். முன்னும் பின்னும் 30 முதல் 50 மில்லி கொதித்து ஆறிய நீர் விடுவதை மறந்தால் குழாய் அடைத்துக்கொள்ளும். மாத்திரைகளை ஒவ்வொன்றாக, மாவாகப் பொடித்துக் கரைத்துக் கொடுக்க வேண்டும். எதைப் பொடிக்கக் கூடாது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். உணவு இறங்கியபின் ஒரு மணி நேரம் படுக்கவிடாதீர்கள். குழாய் அடைத்துவிட்டால் வெதுவெதுப்பான நீரை மெல்லத் தள்ளி இழுத்துப் பாருங்கள், கம்பி விடவே கூடாது.

"வெளிய வந்துட்டா நாமளே உள்ள தள்ளிடலாம்." கூடாது. வயிற்றுக் குழாய் உருவிவிட்டால் துளையைச் சுத்தமான துணியால் மூடிக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சில மணி நேரத்திலேயே துளை சுருங்கத் தொடங்கும்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது, "டியூப் இருக்கே, வாய்க்கு ஓய்வு கொடுப்போம்" என்ற நம்பிக்கை. கதிர்பட்ட தொண்டைத் தசை வேலையில்லாமல் கிடந்தால் இறுகிப்போகும். புண் ஆறினாலும் விழுங்க வராமல் போகலாம். அதனால் புரையேறவில்லை என்று விழுங்கும் பயிற்சி நிபுணர் சொன்னால், ஒரு நாளும் விடாமல் இரண்டு வாய் நீராவது, இளக்கமான கூழாவது விழுங்க வேண்டும். வலிமருந்து கொடுத்து அரை மணி கழித்து முயன்றால் சுலபம். வாய்வழியே எதுவும் கூடாது என்று சொல்லப்பட்டவர்களும் அந்த நிபுணர் கற்றுத்தரும் பயிற்சிகளைத் தொடர வேண்டும்.

நெசவாளர் வீட்டில் டியூப் போட்ட பிறகும் தினமும் காலையும் மாலையும் நாலு ஸ்பூன் கேழ்வரகுக் கூழ் கொடுத்தார்கள். கரண்ட் முடிந்த மூன்றாம் வாரம் அது அரை டம்ளர் ஆனது; ஐந்தாம் வாரம் இட்லியைக் கரைத்துச் சாப்பிட்டார். அடுத்த இரண்டு வாரம் வாயால் சாப்பிட்டே எடை இறங்காமல் நின்றதும் டியூப்பை எடுத்துவிட்டார்கள்.