மூன்று மோதிரம் அடுக்கினால் இறுக்குவது ஏன்?

கேள்வி: ஹைதராபாத் பஷீர்பாக்கில் 12ஆம் அளவில் வாங்கிய 2 மி.மீ. மோதிரம் சரியாக இருக்கிறது. அதேபோல் மூன்றை அடுக்கினால் இறுக்குகிறதே?

பதில்: மூன்றும் சேர்ந்தால் விரலுக்கு அது 6 மி.மீ. பட்டைதான். மெல்லிய மோதிரத்தின் இருபுறமும் சதை பிதுங்கி ஒதுங்கும். அகலப் பட்டைக்குள் அது ஒதுங்க இடமில்லை. இந்திய அளவில் ஓர் எண் என்பது உட்சுற்றளவில் ஏறக்குறைய 1 மி.மீ. எனவே அடுக்குக்குப் பெரும்பாலும் 13 பொருந்தும். உட்புறம் மெல்லக் குவிந்த ‘கம்ஃபர்ட் ஃபிட்’ பட்டையின் ஓரங்கள் தோலை அழுத்தாமல் மூட்டைத் தாண்டும். அதில் 12ஆம் அளவே போதலாம். கடைகளில் பெரும்பாலும் மெல்லிய அளவு வளையத்தைத்தான் நீட்டுவார்கள். அகல வளையத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதே நல்லது. மே மாத வெயிலில் விரல் சற்று வீங்கியிருக்கும் என்பதையும் அளவு பார்க்கும்போது நினைவில் வையுங்கள். கழற்றும்போது மூட்டில் லேசாகத் தடுத்தால் அளவு சரி.